நாற்பது போனால் எத்தனை திரும்பும்?

மே மாத மதியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேலூரில் வெப்பம் 41 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 20 சதவீதம். அதே நேரத்தில் சென்னையில் வெப்பம் 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். இரண்டும் அந்தந்த ஊரின் கோடையில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய அளவுகள்தான். காட்பாடியில் ரயில் ஏறி இரண்டு மணி நேரத்தில் சென்ட்ரலில் இறங்குபவர், கணக்குப்படி 6 டிகிரி குளிர்ச்சியான ஊருக்கு வந்திருக்கிறார். ஆனால் நடைமேடையில் பத்தடி நடப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. 'என்னங்க இப்படிப் புழுங்குது' என்று பக்கத்தில் இருப்பவரிடம் அலுத்துக்கொள்கிறார்.

அவர் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. நிழலில், லேசான காற்றில், நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவரின் உடலுக்கு எவ்வளவு சூடாகத் தெரியும் என்று கணக்கிட 1979இல் ராபர்ட் ஸ்டெட்மன் ஒரு முறை வகுத்தார். அமெரிக்க வானிலைத் துறை பயன்படுத்தும் வெப்பக் குறியீடு அதிலிருந்து வந்தது. அதன்படி வேலூரின் 41 டிகிரி ஏறக்குறைய 41 ஆகவே இருக்கிறது. சென்னையின் 35 டிகிரியோ 45 டிகிரியாக உயர்கிறது. வெப்பமானிக்கு வியர்ப்பதில்லை, நமக்கு வியர்க்கிறது. வித்தியாசம் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

உடலுக்குள் ஓயாமல் வெப்பம் உண்டாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சுமார் 100 வாட். மாடிப்படியில் மூட்டை சுமந்து ஏறுபவருக்கு 400 வாட் வரை போகும். உள்ளுடல் 37 டிகிரியிலேயே நிற்க வேண்டுமென்றால், உண்டாகும் வெப்பம் அவ்வளவும் தோல் வழியாக வெளியேறியாக வேண்டும். வெயில் காலத்தில் தோலின் வெப்பம் 35 டிகிரியை ஒட்டி இருக்கும். சுற்றியுள்ள காற்று 25 டிகிரி என்றால் சிக்கலில்லை. சூடான தோலிலிருந்து குளிர்ந்த காற்றுக்கும் சுவருக்கும் வெப்பம் தானாகவே போய்விடும். காற்று 35 டிகிரியை எட்டியதும் அந்த வழி அடைபடுகிறது. 41 டிகிரியில் வழி திரும்பிக்கொள்கிறது: காற்றிலிருந்து உடலுக்கு வெப்பம் வரத் தொடங்குகிறது. அதன் பிறகு உடலுக்கு மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான்.

மனிதத் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஆனால் சுரக்கும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அது உடலுக்குள்ளிருந்து வருவது, உடலின் சூட்டிலேயே வருவது. அது ஆவியாகிப் போகும்போதுதான் குளிர்ச்சி கிடைக்கிறது. நீரில் உள்ள மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் அசைவதில்லை. வேகம் மிகுந்தவை பக்கத்து மூலக்கூறுகளின் பிடியை உதறிவிட்டுக் காற்றுக்குள் பாய்கின்றன. வேகமானவை போனதும் மிச்சமிருப்பவற்றின் சராசரி வேகம் குறைகிறது. வெப்பம் என்பதே மூலக்கூறுகளின் அசைவுதான் என்பதால், மிச்சமிருக்கும் நீர் குளிர்கிறது, அது தன் கீழே உள்ள தோலிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது.

இதற்காகும் வெப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கிராம் நீரை 35 டிகிரியிலிருந்து கொதிநிலை வரை சூடாக்க ஏறத்தாழ 270 ஜூல் போதும். அதே ஒரு கிராம் 35 டிகிரியிலேயே ஆவியாக 2,420 ஜூல் வேண்டும், அதாவது ஒன்பது மடங்கு. சும்மா இருப்பவரின் 100 வாட்டையும் வெளியேற்ற, மணிக்கு சுமார் 150 மில்லி வியர்வை ஆவியானால் போதும். ஒரு சின்ன டம்ளர் அளவுதான். ஆனால் 'ஆவியானால்' என்பதே இதில் முக்கியம். நெற்றியிலிருந்து சொட்டிய வியர்வையும் துண்டால் துடைத்துப் பிழிந்த வியர்வையும் இந்தக் கணக்கில் ஏறா. அவை உடலின் நீரையும் உப்பையும் கொண்டுபோகின்றன, வெப்பத்தைக் கொண்டுபோவதில்லை.

அப்படியானால் சென்னையில் வியர்வை ஏன் ஆவியாகத் தயங்குகிறது? 'காற்றில் இடமில்லை, அது ஏற்கெனவே நீரால் நிரம்பிவிட்டது' என்று சொல்வது வழக்கம். உண்மையில் காற்றில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. காற்று ஈரமாக இருப்பதால் தோலிலிருந்து மூலக்கூறுகள் கிளம்புவது நிற்பதும் இல்லை. அவை சென்னையிலும் வேலூரிலும் ஒரே வேகத்தில்தான் கிளம்புகின்றன. தோலின் வெப்பம் 35 டிகிரி என்பது இரண்டு ஊரிலும் ஒன்றுதானே. மாறுவது எதிர்த்திசையில் நடப்பது. காற்றில் ஏற்கெனவே உள்ள நீராவியின் மூலக்கூறுகளும் ஓயாமல் வந்து தோலில் மோதுகின்றன, மோதுபவை ஈரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டும்போது, கிளம்பியவை எடுத்துப் போன அதே அளவு வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன.

ஆக, நமக்குக் கிடைக்கும் குளிர்ச்சி என்பது போனதிலிருந்து திரும்பி வந்ததைக் கழித்த மிச்சம்தான். இதை எண்ணிலேயே பார்த்துவிடலாம். 35 டிகிரி ஈரத்தோலை ஒட்டிய காற்றில் ஒரு கன மீட்டருக்கு சுமார் 40 கிராம் நீராவி இருக்கும். அந்த வெப்பத்தில் அதுதான் உச்சம். நாம் எடுத்துக்கொண்ட சென்னை மதியத்தின் காற்றில் கன மீட்டருக்கு 24 கிராம் இருக்கிறது. வேலூர்க் காற்றில் 11 கிராம்தான். எனவே தோலிலிருந்து 40 மூலக்கூறுகள் கிளம்பினால், சென்னையில் 24 திரும்பி வருகின்றன. மிச்சம் 16. வேலூரில் 11 மட்டும் திரும்புகின்றன. மிச்சம் 29. காற்று ஒரே மாதிரி வீசினாலும், ஒரே அளவு தோல் நனைந்திருந்தாலும், சென்னையில் வியர்வை ஆவியாகும் வேகம் வேலூரில் உள்ளதில் பாதியைச் சற்றே தாண்டும். அவ்வளவுதான்.

காற்று வீசினால் ஏன் சில்லென்று இருக்கிறது என்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. காற்று அசையாத அறையில், தோலிலிருந்து கிளம்பிய மூலக்கூறுகள் உடனே தூரமாகப் போய்விடுவதில்லை. தோலை ஒட்டிச் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு காற்றுப்படலம் எப்போதும் நம்மைச் சூழ்ந்திருக்கிறது. கிளம்பியவை அதற்குள்ளேயே முட்டி மோதிக்கொண்டு, மெல்ல மெல்லத்தான் வெளியேறுகின்றன. அதனால் அறையின் காற்றில் 24 கிராம் இருந்தாலும், தோலுக்கு மிக அருகில் உள்ள காற்றில் 40ஐ நெருங்கிய அளவு தேங்கிவிடுகிறது. திரும்பி வருபவற்றின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது அறைக்காற்று அல்ல, இந்தத் தேங்கிய காற்றுதான். மின்விசிறியைப் போட்டதும் அந்தப் படலம் மெலிகிறது, தேங்கியது அடித்துச் செல்லப்படுகிறது. அதன் இடத்துக்கு 24 கிராம் உள்ள புதிய காற்று தோலுக்கு அருகில் வந்து சேர்கிறது. மின்விசிறி காற்றைக் குளிர்விக்கவில்லை. சொல்லப்போனால் அதன் மோட்டார் அறையைச் சற்றுச் சூடாக்கவே செய்கிறது. ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடுவதால் யாருக்கும் பயனில்லை. தோலில் ஈரமும், அதைச் சுற்றித் தேங்கிய ஆவியும் இருந்தால்தான் அதற்கு வேலை.

ஈரமில்லாத பொருளைக் காற்று என்ன செய்யும் என்பதை 250 ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவர் அடுப்பு மூட்டி ஓர் அறையைக் கடுமையாகச் சூடாக்கும் ஏற்பாடு செய்திருந்தார். அதற்குள் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவரும் நண்பர்கள் சிலரும் நுழைந்தார்கள். அறையின் காற்று 127 டிகிரி வரை ஏறியது. நீர் கொதிக்கும் வெப்பத்தைவிட அதிகம். அந்தச் சூட்டில் சில நிமிடங்கள் இருந்துவிட்டு நல்லபடியாக வெளியே வந்தார்கள். அதே அறையில் வைத்த முட்டைகள் இறுகிப்போயின, மாட்டிறைச்சித் துண்டு வெந்துவிட்டது. இறைச்சியின் மீது துருத்தியால் காற்று ஊதிப் பார்த்தபோது, முன்பு அரைமணி நேரத்துக்கு மேல் பிடித்தது 13 நிமிடத்திலேயே ஏறக்குறைய வெந்தது. காற்று அசைந்தால் சூடு வேகமாக உள்ளே போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அந்த அறைக் காற்று மிகவும் உலர்ந்திருந்ததால் மனிதரின் வியர்வை உடனுக்குடன் ஆவியானது, அதனால் அவர்கள் தப்பினார்கள்.

பிளாக்டன் அங்கே இன்னொன்றும் செய்தார். ஒரு பாத்திரத்தில் நீரை வைத்தார். அறையின் சூடு கொதிநிலையைத் தாண்டியிருந்தும் நீர் கொதிக்கவில்லை. மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டதும் கொதிக்கத் தொடங்கியது. எண்ணெய்ப் படலம் ஆவியாதலைத் தடுத்ததுதான் காரணம். அதுவரை நீரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஆவியாதல் என்பது அதிலேயே தெரிந்தது. இந்தச் சோதனைகள் 1775இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயின.

இப்போது சென்னைக்குத் திரும்பி, ஒரு கட்டடத் தொழிலாளியின் மதியத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பாதி கட்டிய அடுக்குமாடியின் உள்ளறை. வெயில் நேரடியாக விழவில்லை, ஆனால் காற்றும் இல்லை. வெப்பம் அதே 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். அவர் கலவை சுமக்கிறார், உடலில் 400 வாட் வெப்பம் உண்டாகிறது. காற்றும் தோலும் ஒரே வெப்பத்தில் இருப்பதால் வேறு வழியில் எதுவும் வெளியேறாது. 400 வாட்டும் வியர்வை வழியாகவே போக வேண்டும். அதற்கு மணிக்கு 600 மில்லி ஆவியாக வேண்டும். உடலால் அவ்வளவு சுரக்க முடியும், அதற்கு மேலும் முடியும். ஆனால் அசைவற்ற அந்தக் காற்றில், உடல் முழுவதும் நனைந்திருந்து சட்டையே இல்லாவிட்டாலும்கூட, ஆவியாதலால் வெளியேறக்கூடிய உச்சம் 200 வாட் அளவுதான். மணிக்கு 300 மில்லி. மீதி வியர்வை மூக்கு நுனியிலும் முழங்கையிலும் சொட்டிக் கீழே விழுகிறது. சட்டை போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

வெளியேறாத 200 வாட் உடலிலேயே தங்குகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த அது 20 நிமிடத்துக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். நடைமுறையில் தோலும் சேர்ந்து சூடாவதால், கிளம்பும் மூலக்கூறுகள் 40லிருந்து கொஞ்சம் கூடும், ஏற்றத்தின் வேகமும் சற்றுக் குறையும். ஆனாலும் அவர் அதே வேகத்தில் தொடர்ந்து வேலை செய்ய முடியாது என்பது உறுதி. அதே அறையில் ஜன்னலுக்கான திறப்பு வழியாக நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், அதாவது நிதானமாக நடக்கும் வேகத்தில், காற்று வந்தால் அந்த உச்சம் 200லிருந்து 500 வாட் வரை ஏறுகிறது. வெப்பம் மாறவில்லை, ஈரப்பதம் மாறவில்லை. ஆனால் முடியாதிருந்த வேலை முடிகிற வேலையாகிறது. இடைவேளைக்கு அவரை நிழலுக்கு அனுப்புவது மட்டும் போதாது. காற்றோட்டமில்லாத நிழல் அவருக்குப் பாதி உதவிதான்.

வியர்வை சொட்டத் தொடங்குவது ஒரு செய்தி. உடல் சுரக்கும் அளவுக்கு ஆவியாக வழியில்லை என்பதே அதன் பொருள். சொட்டும் வியர்வையைத் துடைப்பதால் நட்டமில்லை, அது எப்படியும் போகப்போவதுதான். தோலை ஈரமாக்கி நிற்கும் மெல்லிய வியர்வையை அடிக்கடி அழுத்தித் துடைப்பதுதான் நட்டம். தோல் மணிக்கணக்கில் ஊறிக்கிடந்தால் இன்னொரு சிக்கலும் வரும். வியர்வை வெளிவரும் நுண்துளைகள் அடைபடும், வேர்க்குரு தோன்றும். அந்த இடங்களில் வியர்ப்பதே குறைந்துவிடும்.

வேலூரின் ஆபத்து வேறு விதமானது. அங்கே வியர்வை சுரந்த கையோடு ஆவியாகிவிடுகிறது. தோல் உலர்ந்தே தெரிவதால் வியர்க்கவில்லை என்று தோன்றும். ஆனால் காற்று 41 டிகிரியில் உடலுக்கு வெப்பம் தந்துகொண்டிருக்கிறது. அமர்ந்திருப்பவருக்கே உடலின் 100 வாட்டோடு வெளியிலிருந்து வரும் 70 வாட்டும் சேர்ந்துகொள்கிறது. சென்னையில் மணிக்கு 150 மில்லி ஆவியானால் போதுமென்றிருந்தது, வேலூரில் 250 மில்லியாகிறது. புழுக்கமே தெரியாமல் உடல் வற்றுகிறது. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டியது சென்னையைவிட வேலூரில்தான் அவசியம்.

அங்கே மின்விசிறியின் கணக்கும் மாறுகிறது. அவ்வளவு உலர்ந்த காற்றில், ஓய்வாக இருப்பவரின் வியர்வை மின்விசிறி இல்லாமலேயே தேவையான அளவுக்கு ஆவியாகிவிடும். மின்விசிறி போட்டால் ஆவியாதல் கூடுவதோடு, துருத்திக் காற்று இறைச்சிக்குச் செய்ததுபோல் சூடான காற்றையும் தோல்மீது தள்ளும். ஆரோக்கியமானவர் கூடுதலாக வியர்த்து ஈடுகட்டிவிடுவார். முதியவர்களுக்கு வியர்வை குறைவாகவே சுரக்கும், சில மருந்துகளும் வியர்வையைக் குறைக்கும். அத்தகையவர்களுக்கு அனல் காற்றில் மின்விசிறி தீங்காகலாம். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமான ஆண்கள் 12 பேரை மின்விசிறி முன் உட்காரவைத்துப் பார்த்தார்கள். 40 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தபோது மின்விசிறி உள்ளுடல் வெப்பத்தைக் குறைத்தது. 47 டிகிரி வெப்பமும் 10 சதவீத ஈரப்பதமும் இருந்தபோது நிலைமையை மோசமாக்கியது. 40 டிகிரிக்கு மேல் மின்விசிறியை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துவதும் இதனால்தான். அந்தச் சூட்டில் கை, முகம், கழுத்தை நனைத்துக்கொண்டோ ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டோ மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தால் பலன் கிடைக்கும். உடல் சுரக்க வேண்டிய நீரை நாமே வெளியிலிருந்து தருகிறோம்.

ஈரப்பதம் என்று செய்தியில் வரும் சதவீதத்தை நம்பிப் புழுக்கத்தைக் கணிக்கப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். சென்னையில் அதிகாலை 27 டிகிரியில் ஈரப்பதம் 93 சதவீதம். மதியம் 35 டிகிரியில் 60 சதவீதம். இரவு 30 டிகிரியில் 80 சதவீதம். பார்த்தால் மதியம் காற்று உலர்ந்துவிட்டதுபோல் தெரியும். ஆனால் மூன்று வேளையிலும் காற்றில் இருப்பது கன மீட்டருக்கு அதே 24 கிராம் நீர்தான். சதவீதம் என்பது அந்த வெப்பத்தில் இருக்கக்கூடிய உச்சத்தில் எத்தனை பங்கு என்று மட்டுமே சொல்கிறது. வெப்பம் ஏறினால் உச்சம் ஏறும், சதவீதம் இறங்கும், நீர் அப்படியே இருக்கும். தோலுக்கு வேண்டிய எண் வேறு. செல்போன் வானிலைச் செயலிகளில் பனிநிலை என்றோ பனிப்புள்ளி என்றோ ஒன்று இருக்கும். காற்றை எவ்வளவு குளிர்வித்தால் அதிலுள்ள ஆவி நீராகப் படியும் என்பதைச் சொல்லும் வெப்பநிலை அது. காற்றில் உள்ள நீரின் அளவு மாறாதவரை அதுவும் மாறாது. நம் சென்னைக் காற்றுக்கு அது சுமார் 26 டிகிரி, வேலூர்க் காற்றுக்குச் சுமார் 14 டிகிரி. 24க்கு மேல் போனாலே புழுக்கம் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த 24 கிராம் சென்னைக்குக் கொண்டுவருவது வங்கக்கடல். மே மாதத்தில் காலை முழுவதும் மேற்கிலிருந்து வரும் உலர்ந்த காற்றால் நகரம் 39 டிகிரி வரை சூடாகிக் கிடக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழையும். மேற்குக் காற்று வலுவாக இருக்கும் நாட்களில் கடற்காற்று தாமதமாகும், அன்றைக்குத்தான் 40 டிகிரியைத் தாண்டும். கடற்காற்று வந்ததும் காற்றில் உள்ள நீர் கூடுகிறது. அப்படியிருந்தும் ஊரே நிம்மதிப் பெருமூச்சு விடுவது ஏன்? வெப்பம் 34 டிகிரி அளவுக்கு இறங்குவதால், காற்றிலிருந்து உடலுக்கு வந்துகொண்டிருந்த வெப்பம் நிற்கிறது. திரும்பும் மூலக்கூறுகள் கூடினாலும், வீசும் காற்று தோலைச் சுற்றித் தேங்கியதை அள்ளிப் போய்விடுகிறது. இரவில் கடற்காற்று ஓய்ந்ததும் இரண்டாவது நன்மை போய்விடும். வெப்பம் 30 டிகிரியாக இறங்கியும் தூக்கம் வராமல் புரள்வது அதனால்தான். நீர் அங்கேயே இருக்கிறது, காற்று போய்விட்டது.

காற்றும் ஈரமும் சேர்ந்து குளிர்ச்சிக்கு எங்கே எல்லை போடுகின்றன என்பதை மண்பானையில் பார்க்கலாம். அதன் மேற்பரப்பில் கசியும் நீரும் நம் வியர்வைபோலவே ஆவியாகிறது. எவ்வளவுதான் காற்று வீசினாலும், நீர் ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்குக் கீழே குளிராது. வேலூர் மதியத்தில் அந்த எல்லை சுமார் 23 டிகிரி, சென்னையில் 28 டிகிரிக்குச் சற்று மேல். ஆறு டிகிரி அதிகம் கொளுத்தும் ஊரின் பானைத் தண்ணீர் ஐந்து டிகிரி குளிர்ச்சியாக இருக்க முடியும். நீர் நிரப்பி ஓட்டும் ஏர்கூலர் உள்மாவட்டங்களில் நன்றாக வேலை செய்து, சென்னையில் அறையைப் பிசுபிசுப்பாக்கிவிடுவதற்கும் காரணம் இதுவே. அதிலும் ஜன்னலை அடைத்துவிட்டு ஓட்டினால் அறையின் 24 கிராம் 28, 30 என்று ஏறிக்கொண்டே போகும். குளிர்சாதனம் இதற்கு நேர் எதிர். அதன் குழாயில் வெளியே சொட்டும் நீர், அறைக்காற்றிலிருந்து பிடித்து இறக்கிய நீர். சென்னையில் அது தரும் சுகத்தில் ஒரு பங்கு குளிர்ச்சி என்றால் இன்னொரு பங்கு அந்தச் சொட்டுகள்தான்.

நனைந்த பொருள் குளிரக்கூடிய அந்த எல்லையை வானிலையாளர்கள் ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறார்கள். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்து அதை அளப்பார்கள். அது 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் காற்றோட்டத்தில் நனைந்து உட்கார்ந்திருப்பவரால்கூட வெப்பத்தை வெளியேற்ற முடியாது என்று ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹூபர் இருவரும் 2010இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, ஈரமான வெப்பத்தில் 31 டிகிரியை ஒட்டியே உடல் தடுமாறத் தொடங்கியது. அந்தச் சோதனையில் அவர்கள் செய்தது வீட்டுக்குள் நடமாடும் அளவுக்கான லேசான வேலைதான். நாம் எடுத்துக்கொண்ட சாதாரணச் சென்னை மதியம் 28 டிகிரிக்கு மேல் நிற்கிறது. இடைவெளி மூன்று டிகிரிகூட இல்லை. இந்திய வானிலைத் துறை சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலை பற்றி யோசிக்கத் தொடங்குகிறது, கடலோரத்தில் 37 டிகிரியிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த மூன்று டிகிரிச் சலுகை கடலோர உடல்களுக்குத் தேவையானது.

எல்லை தாண்டியதை எப்படி அறிவது? 'வியர்வை நின்றுவிட்டால்தான் ஆபத்து' என்று பலர் நம்புகிறார்கள். உழைத்துக்கொண்டிருந்தபோது வெப்பத்தாக்குதலுக்கு ஆளாகி விழுபவரின் உடல் வியர்வையில் நனைந்தே இருக்கலாம். பார்க்க வேண்டியது அறிவின் தடுமாற்றத்தை: பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, நடை தள்ளாடுவது. 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வருவதற்குள் ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி, விடாமல் விசிற வேண்டும். நினைவு தடுமாறியவரின் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. அவருடைய உடலால் செய்ய முடியாமல் போன கழித்தல் கணக்கை வெளியிலிருந்து நாம் செய்துகொடுக்கிறோம். நீர் ஊற்றும்போது போவது கூடுகிறது, விசிறும்போது திரும்புவது குறைகிறது. இரண்டில் ஒன்று மட்டும் போதாது.